ஆறு இருபதுக்கு வந்த சேதி

காலை ஏழு மணி ஆகி ஒரு நிமிடம். அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாஷ்பேசின் விளிம்பில் வைத்திருந்த போன் அதிர்ந்து, ஈரத்தில் வழுக்கி, உள்ளே விழப் பார்த்தது. நுரை வாயோடு அதை எடுத்துப் படித்தான். திருத்த அறிக்கைப் பட்டியல், ஆறு மணி வேலை, இதுவரை சேதி இல்லை.

அவன் வேலை பார்ப்பது ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிப் பிரிவில். அங்கே அலாரங்கள் இரண்டு வகை. ஏதாவது உடைந்தால் கத்துவது ஒரு வகை. இன்னொரு வகை, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் கத்துவது. ஆட்கள் தூங்கும் நேரத்தில் கணினிகள் தாமாகவே செய்யும் வேலைகள் பல உண்டு. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் 'முடிச்சிட்டேன்' என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் அந்த வரி வராவிட்டால் அலாரம் அடிக்கும். நடுவழியில் விழுந்து கிடப்பவனால் 'விழுந்துட்டேன்' என்று சொல்லியனுப்ப முடியாது. அதனால் பேச்சு மூச்சு இல்லை என்பதையே ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ரயில் ஓட்டுகிறவர் கைப்பிடியை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும் அல்லவா, அந்த யோசனையிலிருந்து வந்தது. டெட் மேன் சுவிட்ச் என்று பெயர்.

ஐந்து மாதமாக ஆபீசில் அவன் எதிரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. மனைவி இறந்தபின் அவன் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஒரு மீட்டிங்கில் யாரோ 'டெட்' என்று ஆரம்பித்து, இருமி, 'ஆளைக் காணோம் அலாரம்' என்று முடித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. அவனுக்கு மேஜையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. ஐந்து மாதமாக அவன் எதையும் கவிழ்க்கவில்லை. சாப்பிட்டான், குளித்தான், வேலைக்குப் போனான்.

அவளும் அதே பிரிவில்தான் இருந்தாள், பக்கத்து மேஜை. அவளுடைய கணினியை இவ்வளவு நாளும் யாரும் தொடவில்லை. திரை அணைந்திருக்கும், பெட்டியில் மட்டும் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். புதிதாக ஒருவர் சேரப்போகிறார், பெட்டி வேண்டும் என்று மேலாளர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மேலாளருக்கு ஆபீசில் சாந்தம் என்று பெயர். குரலை உயர்த்த மாட்டார், கோபப்பட மாட்டார், எதையும் நேராகவும் சொல்ல மாட்டார். "உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம் தம்பி" என்பார். மறுநாளும் அதையே வந்து சொல்வார். நேற்று மாலை ஐந்து மணிக்கு அவன் எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஸ்டோர் அண்ணன் தள்ளுவண்டி கொண்டுவந்து, வயர்களைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டியை எடுத்துப் போனார். அவன் அப்போது மும்முரமாக ஒரு மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

எட்டு மணிக்கு ஆபீசுக்குப் போய், நின்றபடியே சர்வரைத் திறந்து பார்த்தான். ஆறு மணி வேலை இன்றைக்கும் சரியாக ஆறுக்குக் கிளம்பியிருந்தது. தரவுத்தளத்தின் வாசலிலேயே, பாஸ்வேர்டு தப்பு என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. சேதி அனுப்பும் வரி கடைசியில் இருக்கிறது, முந்தைய படிகள் எல்லாம் ஒழுங்காக முடிந்தால்தான் அங்கே போய்ச் சேரும். போய்ச் சேரவில்லை. அலாரம் அடித்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது.

முந்தைய நாள் பதிவைத் திறந்தான். அன்றைக்கும் பாஸ்வேர்டு தப்பு. அதற்கு முந்தைய நாளும். விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. இருபத்துமூன்று நாள்.

அப்போதுதான் உட்கார்ந்தான்.

இருபத்துமூன்று நாளுக்கு முன் அந்தப் பாஸ்வேர்டை மாற்றியது அவன்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பது விதி. எந்தெந்த வேலைகளில் புதுப் பாஸ்வேர்டைப் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டியலை முழுதாக யாரும் நம்ப மாட்டார்கள். மாற்றிவிட்டு ஒரு நாள் காத்திருப்பார்கள். விட்டுப்போனது எதுவோ அது சேதி அனுப்பாது, அலாரம் அடிக்கும், ஓடிப்போய்ச் சரிசெய்வார்கள். அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கம். இந்த ஆறு மணி வேலை அவன் மனைவி எழுதியது. அவள் தலைக்குள் இருந்தது, பட்டியலில் இல்லை. அவன் பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள், அலாரங்களின் நிலையைக் காட்டும் பலகையைப் பார்த்தான். வரிசையாகப் பச்சை. டீ குடிக்கப் போனான்.

பச்சை எப்படி வந்தது? அந்த அலாரத்துக்கு வந்து சேர்ந்த சேதிகளின் வரலாற்றைத் திறந்தான். எந்த நேரம், எந்த முகவரியிலிருந்து என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்கும். ஐந்தரை மாதத்துக்கு முன் வரை தினம் ஒரு சேதி, ஆறு மணியை ஒட்டி, சர்வரிலிருந்து. அப்புறம் தினம் இரண்டு. ஒன்று சர்வரிலிருந்து. இன்னொன்று ஆறு இருபதுக்கு, நிமிடம் பிசகாமல், வேறொரு முகவரியிலிருந்து. கடைசி இருபத்திரண்டு காலைகளில் சர்வரின் சேதி இல்லை, ஆறு இருபது மட்டும் இருக்கிறது. இன்றைக்கு அதுவும் இல்லை.

அந்த முகவரி யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவனுடைய கணினி முகவரியின் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வரும், பக்கத்து மேஜை.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தான். பாஸ்வேர்டைப் போட்டான். அந்த வேலை நேற்றைய திருத்தங்களை மட்டும்தான் எடுக்கும், அதனால் தேதியைப் பின்னுக்குத் தள்ளி இருபத்துமூன்று நாளுக்கும் சேர்த்து ஓடவிட்டான். நாற்பத்தோரு பெயர் வந்தது.

அந்தப் பட்டியல் எதற்கு என்றால், சில பரிசோதனைகளுக்கு நாள் பிடிக்கும். ரத்தத்தை ஊட்டச்சத்துக் குப்பியில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று ஐந்து நாள் பார்ப்பார்கள். இரண்டாம் நாளே 'இதுவரை ஒன்றும் இல்லை' என்று ஓர் அறிக்கை போய்விடும். அதைப் படித்துவிட்டு வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். நான்காம் நாள் கிருமி வளர்ந்தால் அறிக்கை திருத்தப்படும். திருத்திய அறிக்கை இணையதளத்தில் கிடக்கும், ஆனால் நிம்மதியாக இருப்பவர் மறுபடி எதற்குப் போய்ப் பார்க்கிறார்? அதனால் தினமும் காலையில் அந்தப் பெயர்கள் அழைப்பு மேஜைக்கு வரும். அங்கே இருக்கும் சிஸ்டர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்வார்.

அவன் பட்டியலை அனுப்பிவிட்டு, கூடவே மாடி இறங்கி ஓடினான். சிஸ்டர் ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்தார். அதை இறக்கித் திரையைப் பார்த்தார். தேதிகளைப் பார்த்தார்.

"மூணு வாரமா ஒரு பேர் கூட வரல. லேப்காரங்க திருந்திட்டாங்கன்னு சிரிச்சிட்டிருந்தோம் தம்பி." கையோடு போனை எடுத்து முதல் எண்ணை அழுத்திக்கொண்டே சொன்னார். "போன வாரம் எனக்கே சந்தேகம் வந்து உங்க சாந்தத்துகிட்ட போய்க் கேட்டேன். பலகையைத் தொறந்து காட்டினார். பச்சையா இருக்குல்ல சிஸ்டர், அப்புறம் என்னன்னார். நானும் பச்சையைப் பார்த்துட்டு வந்துட்டேன். என்னைச் செருப்பால அடிக்கணும்."

சிஸ்டர் அவசரத்தின்படி வரிசையை மாற்றி, ரத்தத்தில் கிருமி வளர்ந்தவர்களை மேலே கொண்டுவந்தார். ஐந்தாவது அழைப்பு ஓர் இளம் பெண்ணுக்கு. எடுத்தது அவள் கணவன். சிஸ்டர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் கத்துவது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவனுக்கும் கேட்டது. பதினோரு நாளாக அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். ஒன்று மாற்றி ஒன்றாக மருந்து ஏற்றுகிறார்கள், எந்தக் கிருமி என்று தெரியவில்லை என்கிறார்கள். அங்கே எடுத்த ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. மருந்து உள்ளே போனபின் எடுத்தால் வளராது. வளர்ந்தது இங்கே இருந்த குப்பியில், எந்த மருந்துக்குக் கேட்கும் என்ற குறிப்போடு, பதினெட்டு நாளாக.

சிஸ்டர் மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்த ஆள் எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் மறுபடி கத்தினான். இதற்கு யார் காரணம் என்று கேட்டான். விசாரிக்கிறோம் என்று சிஸ்டர் சொன்னார். போனை வைத்ததும் அவன் பக்கம் திரும்பினார்.

"விசாரிங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

ஸ்டோர் அறை கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால். உடைந்த நாற்காலிகளும் பிரிண்டர் டப்பாக்களுமாக இருந்தது. அவளுடைய பெட்டி மேஜைமேல் தனியாக இருந்தது. மூடியில் ஐந்து மாதத் தூசு.

"பன்னெண்டு மணிக்கு உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுத் தொடச்சு ரெடி பண்ணச் சொல்லிருக்காங்க" என்றார் ஸ்டோர் அண்ணன்.

"யாரு?"

"சாந்தம்தான். இப்பதான் போன்ல சொன்னார். நேத்து சொன்னப்ப அடுத்த வாரம்னார். இப்ப என்னமோ தலை போற அவசரமாம்."

மணி பத்தே கால். அவன் ஒரு திரையை இழுத்து மாட்டி, பெட்டியை உயிர்ப்பித்தான். நிர்வாகியாக உள்ளே போக அவனுக்கு உரிமை இருந்தது. தானாக ஓடும் வேலைகளின் அட்டவணையில் அவள் பெயரில் ஒரே ஒரு வரி இருந்தது. தினமும் ஆறு இருபதுக்கு, அந்த அலாரத்துக்கு 'முடிச்சிட்டேன்' என்று சொல்லிவிடு. எந்த வேலையையும் பார்க்காமல், எதுவும் முடிந்ததா என்று கேட்காமல். அதற்கு மேலே குறிப்பாக இன்னொரு வரி. தற்காலிகம், திங்கட்கிழமை எடுத்துவிட வேண்டும்.

சேமித்த தேதியைப் பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால். அந்த நேரத்தில் அவள் ஆபீஸ் மேஜையில் இல்லை. ஆஸ்பத்திரி நான்காம் மாடியில், இடது கையில் ஊசியோடு, மடியில் லேப்டாப்பை வைத்து, அதன் வழியே இந்தப் பெட்டிக்குள் நுழைந்து வேலை பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அவனுக்கு அந்தக் காலை நன்றாகவே நினைவிருந்தது. அப்போது தரவுத்தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி வேலை இழுத்துக்கொண்டு ஏழரை, எட்டு என்று முடியும். முடியத்தான் செய்யும், ஆனால் ஏழுக்கே அலாரம் அடித்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் போனில். விடுப்பில் இருந்தாலும் அவள் போனில், ஏனென்றால் அந்த வேலை அவளுடையது. அவள் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். நர்ஸ் முகம் சுளித்தாள். அவன் கத்தினான். "ஒண்ணு அந்த போன் இந்த ரூம்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னிக்கே அதோட வாயை அடைச்சுடு."

அடைத்துவிட்டாள். நான்கு நிமிட வேலை. லேப்டாப்பை மூடி அவனிடம் நீட்டி, "இனி கத்தாது, நீயும் கத்தாதே" என்றாள். திங்கட்கிழமை அவளை அறுவை சிகிச்சைக்கு எடுத்துப் போனார்கள். வியாழக்கிழமை முடிந்துவிட்டது.

அவன் திரையைப் படம் எடுத்தான். இரண்டாவது படமும் எடுத்தான். பதிவுகள் இருக்கும் வன்தட்டைப் பெட்டியிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இதைத் தொடச்சுட்டேன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார் ஸ்டோர் அண்ணன்.

"நான் எடுத்துட்டுப் போனேன்னு சொல்லுங்க."

அவளை அவனுக்கு நன்றாகத் தெரியும். இதைப்போல ஒரு வரி எழுதினால் வேறு யாராக இருந்தாலும் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். நேர வரம்பை ஒரு மணி கூட்டிவைத்தால் தீர்ந்துபோகும் காரியம் அது. அதை ஏன் கேட்கவில்லை? மாடிக்குப் போய் அணியின் பழைய உரையாடல்களைத் தேடினான். கேட்டிருந்தாள். அந்த வாரம் புதன்கிழமை, எல்லோரும் பார்க்கும் இடத்தில், வரம்பைக் கூட்டித் தாருங்கள், தினமும் அலறுகிறது என்று எழுதியிருந்தாள். அதை மாற்றும் உரிமை மேலாளருக்கு மட்டும்தான். அவர் பதில் எழுதியிருந்தார். ஆடிட் நடக்கிறது, மாற்றிய அலாரங்களை எண்ணுவார்கள், இப்போது அதைத் தொட வேண்டாம், சத்தம் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கீழே யாரோ கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்தான். அவன்தான்.

சாந்தம் தன் அறையில் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பட்டியல் போய்விட்டதல்லவா, நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். மாலைக்குள் தலைமை மருத்துவருக்கு ஓர் அறிக்கை போக வேண்டும் என்றும், அதைத் தானே பாதி எழுதிவிட்டதாகவும் சொன்னார். திரையை அவன் பக்கம் திருப்பினார். பாஸ்வேர்டு மாற்றத்தின்போது ஒரு வேலை விடுபட்டது. அலாரத்தில் தொழில்நுட்பக் கோளாறு. இனி நடக்காமல் பார்த்துக்கொள்ளப்படும். மூன்று வரி.

"அலாரத்துல கோளாறு இல்ல சார். அது இன்னிக்குக் காலைல கூட சரியாத்தான் அடிச்சுது."

"தம்பி, எனக்கும் தெரியும். நானும் காலைல பார்த்தேன், எந்த மெஷின்லேந்து வந்ததுன்னு." குரலைத் தணித்துக்கொண்டார். "அவங்க பேரை எதுக்கு இதுல இழுக்கணும்? போனவங்க. பதில் சொல்ல வர மாட்டாங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

ஒரு கணம் அவனுக்கும் அது வேண்டும் போல இருந்தது. அதுதான் அவனை எரித்தது. இந்த ஆள் நீட்டுவது நஞ்சு என்று தெரிந்தும் நாக்கு ஊறியது. அவள் பெயர் சுத்தமாக இருக்கும். நாற்பத்தோரு பேரில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. ஆபீசில் அவளுக்கு ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள், அது அப்படியே இருக்கும். அவன் கைகூப்பியதும் அந்த அறையில் கத்தியதும் யாருக்கும் தெரியாமல் போகும்.

"பன்னெண்டு மணிக்குத் தொடைக்கச் சொன்னதும் எனக்காகத்தானா?"

சாந்தம் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

"அவளுக்காகப் பண்றேன்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது சார். அவ கேட்டா. நீங்க எழுதின பதில் அங்கயே இருக்கு. தொட வேண்டாம், சத்தம் மட்டும் வரக் கூடாது. அவ அதையேதான் செஞ்சா."

"நான் அப்படிச் செய்யச் சொல்லல."

"இல்ல. நீங்க எதையும்தான் சொல்ல மாட்டீங்களே."

எழுந்து வந்தான். கதவை அறைந்து சாத்த நினைத்தான். அது மெல்ல மூடுவதற்கென்று மேலே பிஸ்டன் வைத்த கதவு, எவ்வளவு தள்ளினாலும் தன் வேகத்தில்தான் மூடியது. உள்ளே இருந்தவர் அது மூடி முடியும்வரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையை எழுத அவனுக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஆறு இருபதின் சேதியை அனுப்பியது எது, எழுதியது யார், எந்த நாள், எதற்காக என்று வரிசையாக எழுதினான். அவள் பெயரை எழுதினான். அவள் கேட்டதையும் மேலாளரின் பதிலையும் அப்படியே சேர்த்தான். பாஸ்வேர்டை மாற்றியது தான் என்றும், பச்சையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனதாகவும் எழுதினான். டீ என்ற வார்த்தையை அழித்தான். மறுபடி எழுதினான். அலாரத்தின் வாயை அடைக்கும்படி ஆஸ்பத்திரி அறையில் அவளைக் கட்டாயப்படுத்தியது தான் என்பது அடுத்த வரி. இப்படி வேறு எங்காவது போலிச் சேதி வருகிறதா என்று எல்லா அலாரங்களையும் சோதிக்க வேண்டும், வேலை ஓடும் இயந்திரத்தின் முகவரியும் சேதி வரும் முகவரியும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தான். வன்தட்டு தன்னிடம் இருப்பதையும் குறிப்பிட்டு, தலைமை மருத்துவருக்கு அனுப்பினான். நகல் சாந்தத்துக்கு.

மாலை வீடு திரும்பியதும் மேல் மாடிக்குப் போகவில்லை. மனைவியின் பெற்றோர் கீழே இருந்தார்கள், இரண்டு வேளைச் சாப்பாடு அவனுக்கு அங்கேதான். அத்தை தட்டு வைத்தார். மாமா செய்தித்தாளை மடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஆபீசிலிருந்து யாராவது வாய்வழியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவனே சொன்னான். எளிதாகத்தான் சொன்னான். உங்கள் பெண் ஒரு வரி எழுதினாள், அதனால் நாற்பத்தோரு பேருக்குத் தகவல் போகவில்லை, அதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாமாவுக்குக் கணினி தெரியாது. கேட்டது மட்டும் புரிந்தது. முகம் கறுத்துப்போனது.

"செத்தவ மேல பழியைப் போட்டுட்டு வந்து இங்க சோத்துல கை வைக்கறீங்களா மாப்பிள்ளை?"

"எம் மேலயும் போட்டிருக்கேன் மாமா."

"நீங்க உயிரோட இருக்கீங்க. பதில் சொல்லிக்குவீங்க. அவ எங்க போய்ச் சொல்லுவா? அந்த ஆபீஸ்ல படம் மாட்டி வச்சிருக்காங்க. நாளைக்கு அதைப் பார்த்து என்ன பேசுவாங்க?" அவர் கை மேஜையைத் தட்டியது, டம்ளர் ஆடியது. "பெரிய சத்தியவந்தன். உங்களுக்கு வாய் இருக்குன்னு அவளைக் காட்டிக் கொடுத்துட்டீங்க."

அவனும் கத்தினான். ஐந்து மாதத்தில் முதல் தடவை. அவள் போன் அடிக்கும்போது கத்தியது தான்தான் என்றும், அவள் தூங்க வேண்டும் என்றுதான் கத்தியதாகவும், அதற்குப் பதிலாக ஒரு பெண் பதினோரு நாளாக எழுந்திருக்காமல் கிடக்கிறாள் என்றும், அவளுக்கும் ஒரு புருஷன் இருக்கிறான், அவன் கேட்டான், யார் என்று கேட்டான், அவனிடம் கோளாறு என்று சொல்லச் சொல்கிறீர்களா என்றும் கத்தினான். மூச்சு வாங்கியது. மாமா எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள்கள் குலுங்கின. அவன் அவரைத் தொடப் போகவில்லை. அவரும் திரும்பவில்லை.

அத்தை இவ்வளவு நேரமும் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அந்த நாப்பத்தோரு பேருக்கும் சொல்லியாச்சா?"

"முப்பத்தொம்பது பேருக்குச் சொல்லியாச்சு அத்தை. ஒருத்தர் ஊருக்குப் போயிருந்தார், அவர் பொண்ணு மூலமா சாயங்காலம் புடிச்சுட்டாங்க. ஒரே ஒருத்தர் நம்பர் தப்பு. நாளைக்குக் காலைல ஆள் அனுப்பறதா சொல்லிருக்காங்க."

"வீட்டு விலாசம் இல்லையா?"

"இருக்கு."

"அப்ப இங்க உக்காந்து யாரோட சண்டை போடறீங்க?"

அவர் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்.

வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துவரும் ஆளை ஆபீசில் ஊசி என்று கூப்பிடுவார்கள். அவனுக்குப் போன் போட்டபோது அன்றைய கடைசிச் சுற்றை முடித்துவிட்டு வண்டியில் இருந்தான். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "தெருமுனைக்கு வாங்க சார், பின்னாடி சாம்பிள் பெட்டி இருக்கு, கொஞ்சம் ஒடுங்கி உக்காரணும்" என்றான். சிஸ்டர் அந்த ஒருவரின் அறிக்கையை அச்செடுத்து உறையிலிட்டு ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் ஊசி போகிற வருகிற வண்டிகளைத் திட்டிக்கொண்டே வந்தான். தலைமை மருத்துவரிடமிருந்து அவன் போனுக்கு ஒரு வரி வந்திருந்தது. நாளை ஒன்பதுக்கு நீங்களும் மேலாளரும் வாருங்கள், வன்தட்டோடு.

விலாசம் ஒரு கடையைக் காட்டியது. மிக்சி, மின்விசிறி பழுது பார்க்கும் கடை, பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். தெருவில் யாருக்கும் குளிரவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தெலும்பு துருத்தியிருந்தது.

பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு அவன் உறையைக் கொடுத்தான். உங்கள் ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது, இன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்றான். அந்த ஆள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தாளை விளக்குக்கு அடியில் பிடித்து, மேலிருந்து கீழாகப் படித்தார். தேதியில் விரலை வைத்தார்.

"பத்தொம்பது நாள்" என்றார். "பத்தொம்பது நாளா ராத்திரியானா காய்ச்சல். உங்க முதல் பேப்பர்ல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருந்துச்சு. அதைக் காட்டி என் பொண்டாட்டி வாயை அடைச்சு வச்சிருக்கேன். யார் தூங்கினது?"

"நாங்கதான்."

"நாங்கன்னா யாரு? நாலு பேர் பின்னாடி ஒளிஞ்சுக்கறதுக்கா நாங்க?"

அவன் தன் பெயரைச் சொன்னான். உறையின் பின்புறம் அதை எழுதி, போன் நம்பரையும் எழுதினான். அந்த ஆள் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, ஸ்வெட்டர் பைக்குள் வைத்தார்.

"உடம்பு சரியானதும் வந்து உன்னைக் கேக்கறேன்."

"வாங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று ஊசி கேட்டு, பெட்டியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டான். அவர் கடையைத் திரும்பிப் பார்த்தார். பிரித்த மோட்டாரின் திருகுகள் துணிமேல் பரப்பிக் கிடந்தன. சாவி ஆணியில் தொங்குகிறது, விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கு, இடது பக்கம் கொஞ்சம் இடிக்கும், காலால் உதைத்தால் இறங்கும் என்று அவனிடம் சொன்னார். வண்டி கிளம்பியது.

அவன் திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டான். விளக்கை அணைத்தான். ஷட்டர் சொன்னபடியே இடது பக்கம் இடித்தது. காலால் உதைத்தான். இறங்கவில்லை. மறுபடி உதைத்தான், இன்னும் பலமாக, எதிர்க்கடைக்காரர் எழுந்து பார்க்கும்வரை உதைத்தான்.